பெட்ரோலில் ஈயம்: குழந்தைகளின் ரத்தத்தில் தெரிந்த கணக்கு

1976 பிப்ரவரி முதல் 1980 பிப்ரவரி வரை, மருத்துவப் பரிசோதனைக் கருவிகள் பொருத்திய டிரெய்லர் வண்டிகள் அமெரிக்காவில் ஊர் ஊராகப் போய் நின்றன. நாட்டு மக்களின் உடல்நலத்தையும் சாப்பாட்டையும் அளக்கும் அரசு ஆய்வு அது. 64 இடங்களில், குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்த குடும்பங்களை அழைத்து உயரம், எடை, ரத்த அழுத்தம் எல்லாம் பார்த்தார்கள். கூடவே பல ஆயிரம் பேரின் ரத்தத்தில் எவ்வளவு ஈயம் இருக்கிறது என்றும் அளந்தார்கள்.

பெட்ரோலால் ஈயம் ரத்தத்தில் சேர்கிறதா என்று கண்டுபிடிக்கத் தொடங்கிய ஆய்வு இல்லை இது. ஆனால் நான்கு ஆண்டுத் தரவையும் தேதி வாரியாக அடுக்கியபோது, யாரும் எதிர்பார்க்காத ஒன்று தெரிந்தது. மக்களின் சராசரி ரத்த ஈயம் 100 மில்லிலிட்டருக்கு 14.6 மைக்ரோகிராமிலிருந்து 9.2-க்கு இறங்கியிருந்தது. நான்கே ஆண்டில் 37 சதவீத வீழ்ச்சி. (இனி ரத்த ஈயத்தைப் பற்றிச் சொல்லும் எண்கள் எல்லாம் இதே அளவில்தான்.) அதே காலத்தில் அந்நாட்டுச் சுத்திகரிப்பு ஆலைகள் பெட்ரோலில் கலந்த ஈயத்தின் அளவை ஒரு தாளில் வரைந்து, ரத்த ஈயத்தின் கோட்டை அதன்மேல் வைத்தால், இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாகவே இறங்கின. வழியில் சிறு ஏற்ற இறக்கங்கள் வந்த இடங்களில்கூட ஒன்று மற்றொன்றைப் பின்தொடர்ந்தது.

ஈயப் பெட்ரோலின் கதையில் இந்த இரண்டு கோடுகளே திருப்புமுனை என்பது என் எண்ணம். அதற்கு முன்னால் ஐம்பது ஆண்டுகளுக்கு மேல், "தீங்கு என்பதை நிரூபியுங்கள்" என்று ஒரு தரப்பு கேட்டுக்கொண்டே இருந்தது. நிரூபணம் குழந்தைகளின் உடலுக்குள் சேர்ந்துகொண்டிருந்தது.

ஈயம் பெட்ரோலுக்குள் வந்த விதம்

பழைய பெட்ரோல் எஞ்சினில் ஏற்றம் ஏறும்போதோ வேகம் கூட்டும்போதோ "டக் டக்" என்று ஒரு தட்டல் சத்தம் வரும். பெட்ரோலும் காற்றும் கலந்த கலவையை ஸ்பார்க் பிளக் பற்றவைக்க வேண்டும். தீ அங்கிருந்து சீராகப் பரவ வேண்டும். அழுத்தம் அதிகமானால், தீ வந்து சேருமுன்பே கலவையின் ஒரு பகுதி தானாக வெடித்துவிடும். அதைத்தான் நாக்கிங் என்கிறோம். இந்தத் தொல்லை இருக்கும்வரை, அழுத்தம் கூட்டி அதிக சக்தி எடுக்கும் எஞ்சினைச் செய்ய முடியாது.

1921 டிசம்பரில், ஓஹையோ மாநிலத்தின் டேட்டன் நகரில் ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வகத்தில் வேலை பார்த்த தாமஸ் மிட்ஜ்லி, டெட்ரா எத்தில் ஈயம் என்ற திரவத்தைச் சேர்த்தால் தட்டல் நின்றுவிடுகிறது என்று கண்டுபிடித்தார். ஒரு காலன் பெட்ரோலுக்கு, அதாவது சுமார் 3.8 லிட்டருக்கு, வெறும் 3 மில்லிலிட்டர் போதும். 1923 பிப்ரவரியில் டேட்டனிலேயே முதல் விற்பனை தொடங்கியது. "எத்தில்" என்றே பெயர் வைத்தார்கள். ஈயம் என்ற சொல் பெயரில் இல்லை.

வேறு வழி இல்லாமல் இதை எடுத்தார்கள் என்று சொல்ல முடியாது. எத்தனால் கலந்தாலும் தட்டல் நிற்கும் என்பது மிட்ஜ்லிக்கே தெரியும். அவரே செய்தும் காட்டியிருக்கிறார். ஆனால் எத்தனால் பத்து சதவீதத்துக்கு மேல் கலக்க வேண்டும், அதற்குக் காப்புரிமையும் வாங்க முடியாது. ஈயம் துளியூண்டு போதும், காப்புரிமையும் கிடைக்கும்.

1924 அக்டோபரில் நியூ ஜெர்சியின் பேவே ஆலையில் இந்தத் திரவத்தைத் தயாரித்த தொழிலாளர்கள் பிதற்றத் தொடங்கினார்கள், கண்ணுக்குத் தெரியாத பூச்சிகளை விரட்டினார்கள், சிலரைக் கட்டிப்போட வேண்டியிருந்தது. ஐந்து பேர் இறந்தார்கள். முப்பதுக்கும் மேற்பட்டோர் கடுமையாகப் பாதிக்கப்பட்டார்கள். நியூயார்க் உட்படச் சில இடங்களில் விற்பனைக்குத் தடை வந்தது. 1925 மே மாதம் வாஷிங்டனில் அரசின் தலைமை மருத்துவ அதிகாரி ஒரு மாநாடு கூட்டினார். தொழிற்சாலை நச்சுகளைப் பற்றி அந்நாட்டில் அதிகம் தெரிந்தவரான ஆலிஸ் ஹாமில்டன், ஈயத்தைத் தெருவெங்கும் தூவும் வேலை இது, கைவிடுங்கள் என்று அந்த மாநாட்டில் வாதாடினார்.

அதன்பின் ஒரு குழு அமைத்து ஆராய்ந்தார்கள். டேட்டன், சின்சினாட்டி நகரங்களில் ஓட்டுநர்களும் கராஜ் தொழிலாளர்களுமாக 252 ஆண்களைச் சில மாதங்கள் பரிசோதித்தார்கள். தடை செய்யப் போதுமான காரணம் இப்போதைக்கு இல்லை, ஆனால் நீண்டகால விளைவை அரசு தொடர்ந்து கவனிக்க வேண்டும் என்று 1926 ஜனவரியில் அறிக்கை வந்தது. விற்பனை மறுபடி தொடங்கியது. தொடர்ந்து கவனிக்கும் வேலையை அரசு செய்யவில்லை. அடுத்த நாற்பது ஆண்டுகள் அந்த ஆராய்ச்சி பெரும்பாலும் தொழில் நிறுவனங்களின் பணத்தில், அவர்களின் ஆலோசகரான ராபர்ட் கீஹோவின் கையில் இருந்தது. ஈயம் எல்லார் உடம்பிலும் இயற்கையாகவே இருக்கிறது, உடல் அதை வெளியேற்றிவிடும், ரத்தத்தில் 80-க்குக் கீழே இருந்தால் கவலை இல்லை என்பது அவருடைய வாதம்.

அந்த 252 பேரில் ஒரு குழந்தைகூட இல்லை. இந்த விஷயத்தில் எனக்கு மிகவும் வலிக்கும் இடம் இதுதான். வளர்ந்த, திடகாத்திரமான, வேலைக்குப் போகும் ஆண்களுக்குச் சில மாதங்களில் ஒன்றும் ஆகவில்லை என்பதை வைத்து, தரையில் தவழும் குழந்தைக்கும் சேர்த்துத் தீர்ப்பு எழுதிவிட்டார்கள்.

புகையிலிருந்து குழந்தையின் மூளைக்கு

டெட்ரா எத்தில் ஈயம் எஞ்சினுக்குள் எரிந்தபின் ஈயம் உள்ளேயே படிந்துவிடக் கூடாது என்பதற்காக, புரோமினும் குளோரினும் உள்ள சேர்மங்களைக் கூடவே கலந்திருந்தார்கள். அவை ஈயத்தைப் பிடித்துக்கொண்டு புகைக்குழாய் வழியாக வெளியே கொண்டுபோகும். எஞ்சின் சுத்தமாக இருக்கும், தெரு அழுக்காகும். பெட்ரோலில் இருந்த ஈயத்தில் பெரும்பகுதி மிக நுண்ணிய துகள்களாக வெளியே வந்தது.

இந்தத் துகள்களை மூச்சில் இழுப்பதோடு கதை முடிந்திருந்தால் பாதிப்பு குறைவாக இருந்திருக்கும். கனமான துகள்கள் சாலையோர மண்ணில் விழுந்தன. மெல்லியவை ஜன்னல் விளிம்பிலும் வீட்டுத் தரையிலும் பயிரின் இலையிலும் படிந்தன. ஈயம் மக்காது, ஆவியாகாது, போட்ட இடத்தில் அப்படியே கிடக்கும். ஒன்றிலிருந்து மூன்று வயதுவரை குழந்தை தரையில்தான் வாழ்கிறது. ஒரு நாளில் எத்தனையோ தடவை கை வாய்க்குப் போகும். வயிற்றுக்குள் போகும் ஈயத்தில் பெரியவர்களின் குடல் சுமார் பத்தில் ஒரு பங்கை எடுத்துக்கொண்டால், சின்னக் குழந்தையின் குடல் பாதி வரை எடுத்துக்கொள்ளும். இரும்புச் சத்தும் கால்சியமும் குறைந்த குழந்தையாக இருந்தால் இன்னும் அதிகம்.

ஏன் இப்படி? உடல் ஈயத்தைக் கால்சியம் என்று நினைத்து உள்ளே விடுகிறது. எலும்பில் கால்சியத்தின் இடத்தில் போய் உட்காரும் ஈயம் பல்லாண்டுகள் அங்கேயே இருக்கும். மூளையில் நரம்பு செல்கள் ஒன்றோடொன்று பேசுவதற்கு கால்சியம்தான் சமிக்ஞை. அந்த இடத்தில் ஈயம் புகுந்தால் சமிக்ஞை வர வேண்டாத நேரத்தில் வரும், வர வேண்டிய நேரத்தில் வராது. முதல் சில ஆண்டுகளில்தான் மூளை எந்த இணைப்பை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்று தீர்மானிக்கிறது. அந்த நேரத்தில் ஏற்படும் குழப்பம் பிற்பாடு ரத்தத்திலிருந்து ஈயத்தை எடுத்தாலும் சரியாகிவிடுவதில்லை. நச்சை வெளியேற்றும் மருந்து கொடுத்துக் குழந்தைகளின் ரத்த ஈயத்தைக் குறைத்துப் பார்த்த சோதனைகளில், அறிவுத்திறன் மதிப்பெண் ஏறவில்லை. இழந்த பின் மீட்க முடியாது என்பதால், ஈயம் வருவதைத் தடுப்பது ஒன்றே வழி.

இதில் கண்டுபிடிக்கக் கடினமான பகுதி ஒன்று உண்டு. ரத்த ஈயம் 100-ஐத் தொட்டால் குழந்தைக்கு வலிப்பு வரும், மயங்கும், இறந்தும் போகலாம். 15-ல் இருக்கும் குழந்தைக்கு ஒன்றுமே தெரியாது. காய்ச்சல் இல்லை, வாந்தி இல்லை. கொஞ்சம் கவனக்குறைவு, கொஞ்சம் பரபரப்பு, சொன்னதைத் தொடர்ச்சியாகச் செய்ய முடியாமை. "படிப்பில் மந்தம்" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். பெற்றோரும் ஆசிரியரும் குழந்தையைத்தான் குறை சொல்லியிருப்பார்கள்.

ஹெர்பர்ட் நீடில்மன் என்ற குழந்தை மருத்துவர் இந்த இடத்தைப் பிடித்தார். ரத்தம் சில வாரங்களின் கதையை மட்டுமே சொல்லும். பால் பல்லோ பிறந்ததிலிருந்து சேர்ந்த ஈயத்தைத் தன் அடுக்குகளில் வைத்திருக்கும். மாசசூசெட்ஸ் மாநிலத்தின் செல்சி, சோமர்வில் ஊர்களில் ஒன்றாம் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளின் விழுந்த பற்களைச் சேகரித்தார். ஆசிரியர்களிடம், பிள்ளையின் ஈய அளவு என்ன என்று தெரியாத நிலையில், கவனம் சிதறுகிறதா, பகல்கனவு காண்கிறதா, எளிய கட்டளையைப் பின்பற்றுகிறதா என்று கேட்டுக் குறித்துக்கொண்டார். 1979-ல் வெளியான முடிவு: பல்லில் ஈயம் அதிகமிருந்த பிள்ளைகளின் ஐ.க்யூ. சராசரி, குறைவாக இருந்தவர்களைவிட நான்கு புள்ளிக்கும் மேல் குறைவு. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளின் வகுப்பறை நடத்தையைப் பல்லின் ஈயத்தோடு வரிசைப்படுத்திப் பார்த்தால், ஈயம் ஏற ஏறக் குறைகள் படிப்படியாக ஏறின. இந்த எல்லைக்குக் கீழே பரவாயில்லை என்று சொல்ல ஒரு படிகூட அதில் இல்லை. ஒரு பிள்ளைக்கும் ஈய நோயின் அறிகுறி இருக்கவில்லை.

நான்கைந்து புள்ளிதானே என்று அன்றும் கேட்டார்கள், இன்றும் கேட்கிறார்கள். ஒரு குழந்தைக்கு அது பெரிதாகத் தெரியாமல் இருக்கலாம். ஒரு ஊருக்கே அப்படி நேர்ந்தால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஐ.க்யூ. சராசரி 100 என்று வைத்துக்கொண்டால், ஒரு லட்சம் குழந்தைகளில் 70-க்குக் கீழே வருபவர்கள் சுமார் 2,300 பேர். எல்லாருக்கும் ஐந்து புள்ளி குறைந்தால் அந்த எண்ணிக்கை சுமார் 4,800 ஆகிவிடும். மறுமுனையில் 130-க்கு மேல் இருந்த 2,300 பேர் ஆயிரத்துக்கும் கீழே சரிவார்கள். சிறப்புக் கவனம் தேவைப்படும் பிள்ளைகள் இரட்டிப்பு, மிகத் திறமையான பிள்ளைகள் பாதிக்கும் குறைவு. யாரும் மருத்துவமனைக்குப் போகாமலே இது நடந்து முடிந்துவிடும்.

நீடில்மனைத் தொழில் தரப்பு சும்மா விடவில்லை. தரவைத் திரித்தார் என்ற குற்றச்சாட்டு கிளம்பி, அவர் வேலை பார்த்த பல்கலைக்கழகமும் அரசும் விசாரித்தன. அறிவியல் மோசடி எதுவும் இல்லை என்றே முடிந்தது. பல நாடுகளில் செய்த பிற்கால ஆய்வுகளும் அவர் கண்டதையே உறுதிசெய்தன. அதோடு, ஏற்கெனவே ரத்த ஈயம் குறைவாக இருக்கும் இடத்தில்தான் அடுத்த ஒவ்வொரு மைக்ரோகிராமும் அதிகம் பறிக்கிறது என்றும் தெரிந்தது. 2005-ல் ஏழு ஆய்வுகளின் தரவை ஒன்றுசேர்த்துப் பார்த்தபோது, ரத்த ஈயம் 2.4-லிருந்து 10-க்கு ஏறும்போது ஐ.க்யூ. 3.9 புள்ளி போனது. 10-லிருந்து 20-க்கு ஏறும்போது போனது 1.9 மட்டுமே.

இரண்டு கோடுகள் ஏன் நம்பத் தகுந்தவை

இப்போது டிரெய்லர் வண்டிகளுக்குத் திரும்புவோம். இரண்டு விஷயங்கள் ஒரே காலத்தில் குறைந்தால், ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் என்று ஆகிவிடாது. தொழில் தரப்பு இதைச் சொன்னது. சொன்னது நியாயமான கேள்விதான். பதில்களைப் பார்க்கலாம்.

அளவிடும் முறை நாளடைவில் நகர்ந்திருக்குமா? ஈய அளவு ஏற்கெனவே தெரிந்த ரத்த மாதிரிகளை, சோதிப்பவருக்குச் சொல்லாமல் நடுநடுவே அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அவற்றின் அளவு இறங்கவில்லை. பழைய வீடுகளின் ஈயப் பெயிண்ட் குறைந்ததால் இருக்குமா? அப்படியானால் பழைய வீடுகளில் வாழும் நகர்ப்புற ஏழைக் குழந்தைகளிடம் மட்டும் குறைந்திருக்க வேண்டும். ஆனால் வீழ்ச்சி நகரத்திலும் கிராமத்திலும், கறுப்பரிடமும் வெள்ளையரிடமும், குழந்தையிடமும் முதியவரிடமும் ஒருசேர இருந்தது. வண்டிகள் குளிர்காலத்தில் ஓர் ஊரிலும் கோடையில் வேறோர் ஊரிலும் நின்றதால் வந்த மயக்கமா? பருவம், இடம், வருமானம் எல்லாவற்றையும் சரிசெய்து கணக்கிட்ட பிறகும் பெட்ரோலோடு இருந்த தொடர்பு மறையவில்லை. புள்ளியியல் வல்லுநர்களின் தனிக்குழு ஒன்றும் இதைப் பார்த்து, தொடர்பு வலுவானது என்றே சொன்னது.

ஆண்டுக்குள் நடந்ததும் முக்கியம். கோடையில் அமெரிக்கர்கள் அதிகம் வண்டி ஓட்டுவார்கள், பெட்ரோல் அதிகம் செலவாகும். நியூயார்க்கில் ஏற்கெனவே குழந்தைகளின் ரத்த ஈயம் கோடைதோறும் ஏறி, குளிர்காலத்தில் இறங்கியதைக் கவனித்திருந்தார்கள். சுவரிலுள்ள பெயிண்ட் பெட்ரோல் விற்பனையைப் பார்த்து ஏறி இறங்காது. ரத்தத்திலுள்ள ஈயம் சுமார் ஒரு மாதத்தில் பாதியாகக் குறையும் தன்மையுடையது. வரத்து குறைந்தால் ரத்தம் சில வாரங்களிலேயே காட்டிக்கொடுக்கும்.

இத்தாலியின் டுரின் நகரில் இதைவிட நேரடியான சோதனை ஒன்று நடந்தது. ஈயத்தில் ஐசோடோப்பு எனப்படும் வெவ்வேறு எடையுள்ள அணுக்கள் கலந்திருக்கும்; எந்தச் சுரங்கத்திலிருந்து வந்த ஈயம் என்பதை அவற்றின் விகிதத்தை வைத்துச் சொல்லிவிடலாம். 1970-களின் பிற்பாதியில் அந்த வட்டாரத்தின் பெட்ரோலில் வழக்கமான ஈயத்துக்குப் பதிலாக, ஆஸ்திரேலியாவின் புரோக்கன் ஹில் சுரங்கத்து ஈயத்தைக் கலந்தார்கள். அதன் விகிதம் முற்றிலும் வேறு. கொஞ்ச காலத்தில் டுரின் காற்றில் அந்த அடையாளம் வந்தது, பிறகு மக்களின் ரத்தத்திலும் வந்தது. ரத்த ஈயத்தில் குறைந்தது கால் பங்கு பெட்ரோலிலிருந்து வருகிறது என்று கணக்கிட்டார்கள். அதுவும் குறைந்தபட்ச மதிப்பீடுதான். தூரத்து ஊர்களில் விளைந்து சாப்பாட்டில் வந்த பழைய பெட்ரோல் ஈயம் அந்தக் கணக்கில் வராது.

காற்றை மட்டும் எண்ணிய பழைய மதிப்பீடுகள், ஈயத்தைக் குறைத்தால் ரத்தத்தில் சிறிதளவே குறையும் என்றுதான் காட்டியிருந்தன. உண்மையில் பல மடங்கு குறைந்ததற்குக் காரணம், தரைத்தூசி, கை, வாய், சாப்பாடு என்ற வழிகள் அந்தக் கணக்கில் சரியாக வராததே.

ஈயத்தை எடுத்த விதம்

அமெரிக்காவின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையான ஈ.பி.ஏ., 1973-ல் இரண்டு விதிகளைக் கொண்டுவந்தது. 1974 ஜூலைக்குள் பெரிய பெட்ரோல் பங்க்குகள் எல்லாம் ஈயமில்லாத பெட்ரோலும் விற்க வேண்டும் என்பது ஒன்று. இதற்குக் காரணம் குழந்தைகள் இல்லை. புகையைச் சுத்தமாக்க 1975 மாடல் கார்களில் வந்த கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரில் பிளாட்டினம் பூச்சு இருக்கும். ஈயம் அதன்மேல் படிந்தால் அது செத்துவிடும். எல்லாப் பெட்ரோலிலும் ஈயத்தைப் படிப்படியாகக் குறைக்க வேண்டும் என்ற இரண்டாவது விதிதான் உடல்நலத்துக்காகப் போட்டது. அதை எதிர்த்து எத்தில் நிறுவனம் வழக்குப் போட்டது. தீங்கு நிச்சயமாக நடந்ததா, நடக்கும் அபாயம் இருக்கிறதா, விதி போட எது போதும் என்பதே வழக்கின் கேள்வி. முதலில் நிறுவனம் வென்றது; 1976 மார்ச்சில் மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் முழு அமர்வு 5-க்கு 4 என்ற கணக்கில் ஈ.பி.ஏ. பக்கம் நின்றது. பிணம் விழும்வரை காத்திருக்கத் தேவையில்லை, அபாயத்தை நியாயமாக மதிப்பிட்டால் போதும் என்பது தீர்ப்பின் சாரம். ஒரு நீதிபதி மாற்றி ஓட்டுப் போட்டிருந்தால் கதை வேறு.

நடைமுறையில் இரண்டு ஓட்டைகள் இருந்தன. ஈயப் பெட்ரோல் விலை குறைவு என்பதால், கன்வெர்ட்டர் உள்ள காரிலும் அதையே ஊற்றினார்கள். ஈயமில்லாத பெட்ரோலுக்கு மட்டும் நுழையும்படி டாங்கின் வாயையும் பங்க்கின் குழாயையும் ஒடுக்கமாக வைத்திருந்தார்கள். ஆட்கள் அந்த ஒடுக்கத்தை உடைத்துவிட்டோ புனல் வைத்தோ ஊற்றினார்கள். இன்னொன்று கணக்கில் இருந்த ஓட்டை. ஆரம்ப விதி ஆலையின் மொத்தப் பெட்ரோலுக்கும் சராசரி பார்த்தது. ஈயமில்லாத பெட்ரோல் விற்பனை கூடக்கூட, சராசரி தானாகக் குறையும். அந்த இடைவெளியில் ஈயப் பெட்ரோலில் இன்னும் அதிக ஈயம் போட்டுக்கொள்ளலாம்.

1981-ல் ரீகன் அரசு விதிகளையே தளர்த்தப் பார்த்தது. அந்த நேரத்தில்தான் டிரெய்லர் வண்டிகளின் தரவு வெளியே வந்தது. தளர்த்த வந்தவர்கள் இறுக்க வேண்டியதாயிற்று. 1982-ல் சராசரி ஓட்டையை அடைத்து, ஈயப் பெட்ரோலின் ஒவ்வொரு காலனுக்கும் 1.1 கிராம் என்று எல்லை போட்டார்கள்.

பிறகு 1985 மார்ச்சில் வந்தது பெரிய அடி. அந்த ஆண்டு ஜூலையில் 0.5 கிராம், 1986 ஜனவரியில் 0.1 கிராம். ஈ.பி.ஏ.-யின் பொருளியலாளர் ஜோயல் ஷ்வார்ட்ஸும் கூட இருந்தவர்களும் போட்ட வரவு செலவுக் கணக்கு இதற்கு அடித்தளம். ஈயத்துக்குப் பதிலாக, தட்டல் வராமல் தாங்கும் திறனைக் குறிக்கும் ஆக்டேனை வேறு வழியில் ஏற்ற ஆலைகளுக்கு 1986-ல் ஆகும் செலவு சுமார் 60 கோடி டாலர். ஈயமும் அதோடு வரும் அமிலங்களும் ஸ்பார்க் பிளக்கையும் சைலன்சரையும் அரிக்காததால் வண்டி உரிமையாளர்களுக்கு மிச்சமாவது சுமார் 90 கோடி டாலர். குழந்தைகளின் உடல்நலத்தை ஒரு காசுக்குக்கூட மதிக்காவிட்டாலும் கணக்கு லாபத்தில் முடிந்தது. இதைப் படிக்கும்போது மனம் கொதிக்கிறது. இந்தக் கூட்டல் கழித்தலை முன்பே போட்டிருக்கலாமே.

0.1 கிராமை ஏன் மிச்சம் வைத்தார்கள் என்றால், பழைய டிராக்டர், லாரி எஞ்சின்களில் வெளியேற்று வால்வு உட்காரும் இடம் தேயாமல் ஈயம் ஒரு மெல்லிய படலமாகக் காத்தது. அந்த எஞ்சின்கள் காலாவதியாக நேரம் கொடுத்தார்கள். சிறிய ஆலைகளின் சிரமத்துக்கும் வழி செய்தார்கள்: எல்லையைவிடக் குறைவாக ஈயம் கலந்த ஆலை, அந்த மிச்சத்தை மற்றொரு ஆலைக்கு விற்கலாம். சிலர் பொய்க் கணக்கு எழுதினார்கள். ஆனாலும் ஒட்டுமொத்த ஈயம் வேகமாக இறங்கியது. 1996 ஜனவரி 1 முதல் சாலை வண்டிகளுக்கு முழுத் தடை.

1976-80-ல் ஒன்று முதல் ஐந்து வயதுவரையான அமெரிக்கக் குழந்தைகளில் 88 சதவீதத்தினரின் ரத்தத்தில் 10-க்கு மேல் ஈயம் இருந்தது. 1991-94-ல் அது 4.4 சதவீதம். இதில் முழுப் பெருமையும் பெட்ரோலுக்கே என்று சொல்ல மாட்டேன். 1978-ல் வீட்டுப் பெயிண்ட்டில் ஈயத்தைத் தடைசெய்தார்கள், உணவு டப்பாக்களை ஒட்டிய ஈயப் பற்றாசும் போனது. ஆனால் எல்லாக் குழந்தைகளுக்கும் ஒரே நேரத்தில் குறைந்தது பெட்ரோலால்தான்.

இது ஏன் பலித்தது? நாடெங்கும் பரவிய நச்சு, சில நூறு ஆலைகளில் ஒரே ஒரு படியில் கலக்கப்பட்டது. அங்கே நிறுத்தினால் எந்தத் தாயும் தரையைக் கூடுதலாகத் துடைக்க வேண்டியதில்லை, எந்த ஓட்டுநரும் பழக்கத்தை மாற்ற வேண்டியதில்லை. ஆக்டேன் ஏற்ற, பெட்ரோலின் மூலக்கூறுகளையே மாற்றியமைக்கும் ரீஃபார்மிங் போன்ற முறைகள் தயாராக இருந்தன. கன்வெர்ட்டர் வைத்த கார் கம்பெனிகளே ஈயமில்லாத பெட்ரோலைக் கேட்கும் நிலைமை வந்தது. சரிபார்ப்பதும் எளிது: ஆலையின் கணக்குப் புத்தகம் ஒரு பக்கம், குழந்தைகளின் ரத்தம் மறுபக்கம்.

மும்பையும் சென்னையும்

இந்தியாவில் 1995 ஏப்ரலில் டெல்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை ஆகிய நான்கு நகரங்களில் ஈயமில்லாத பெட்ரோல் வந்தது. கன்வெர்ட்டர் வைத்த புதிய கார்களுக்காக மட்டுமே அது. நம் சாலைகளை நிறைத்திருந்த பழைய கார்களும் ஸ்கூட்டர்களும் ஆட்டோக்களும் ஈயப் பெட்ரோலிலேயே ஓடின. நாடு முழுக்க ஈயப் பெட்ரோல் நின்றது 2000 பிப்ரவரி 1-ல்.

பெங்களூரின் ஜார்ஜ் அறக்கட்டளை 1990-களின் கடைசியில் சென்னையும் வேலூரும் உட்பட ஏழு நகரங்களில் ரத்தப் பரிசோதனை நடத்தியது. பன்னிரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு 10-க்கு மேல் ஈயம் இருந்தது. மும்பையில் அந்த விகிதம் சுமார் 62 சதவீதம். ஈயப் பெட்ரோல் நின்றபின் அங்கே மறுபடி அளந்தபோது அது சுமார் 33 சதவீதமாகக் குறைந்திருந்தது. அமெரிக்காவில் நடந்ததுதான் இங்கும் நடந்தது, ஆனால் மிச்சம் அதிகம்.

அந்த மிச்சத்தைச் சென்னை காட்டுகிறது. ஈயப் பெட்ரோல் போய் ஐந்தாறு ஆண்டுகள் கழித்து, நகரப் பள்ளிகளில் மூன்று முதல் ஏழு வயதுவரையான 756 குழந்தைகளை ஆராய்ந்தார்கள். சராசரி ரத்த ஈயம் 11-க்கு மேல். ஈயம் கூடியவர்களிடம் கவனக்குறைவும் பதற்றமும் அதிகம் என்று ஆசிரியர்களின் குறிப்புகள் காட்டின. செல்சியிலும் சோமர்விலிலும் கண்ட அதே வரிசை.

ரத்த ஈயம் ஒரு மாதத்தில் பாதியாகும் என்றால், ஆறு ஆண்டு கழித்தும் 11 எப்படி வந்தது? மண்ணில் விழுந்த பழைய ஈயம் போகாமல் கிடப்பது ஒரு பகுதி. சிறுவயதில் ஈயம் ஏறிய பெண்ணின் எலும்பிலிருந்து, அவள் கருவுற்றிருக்கும்போது கால்சியத்தோடு ஈயமும் இறங்கி வயிற்றுக் குழந்தைக்குப் போவது இன்னொரு பகுதி. அதற்கும் மேலே, வேறு வரத்துகள் நிற்கவில்லை: பழைய பேட்டரியை உடைத்து உருக்கும் இடங்கள், ஈயப் பெயிண்ட், நிறம் கூட்ட ஈயச் சாயம் சேர்த்த மஞ்சள்தூள்.

உலகில் கடைசியாக ஈயப் பெட்ரோல் விற்ற அல்ஜீரியா 2021 ஜூலையில் நிறுத்தியது. சிறிய விமானங்களின் எரிபொருளில் ஈயம் இன்னும் இருக்கிறது. இனி நாம் தேட வேண்டிய ஈயம் ஆலை வாசலில் அளந்து நிறுத்தக்கூடியது இல்லை. சந்துக்குள் கொட்டகை போட்டு பேட்டரி உருக்குபவரிடம் கணக்குப் புத்தகம் கிடையாது. அவர் எங்கே இருக்கிறார் என்று தெரிய வேண்டுமானால், அந்தத் தெருக் குழந்தைகளின் ரத்தத்தைச் சோதித்து, அளவு ஏறிய வீடுகளை வரைபடத்தில் குறித்துப் பின்னோக்கிப் போக வேண்டும். நம் ஆரம்ப சுகாதார நிலையங்களில் குழந்தைகளுக்கு ரத்த ஈயப் பரிசோதனை வழக்கமான பட்டியலில் இல்லை.